வியாழக்கிழமை வகுப்பு, செவ்வாய்க்கிழமை ஆஃப்

கடைகளிலும் ஷோரூம்களிலும் வேலை பார்ப்பவர்களுக்கு வார விடுமுறை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில் வராது. மற்றவர்களுக்கு விடுமுறையான நாளில்தான் கடையில் கூட்டம். அதனால் திங்கள் முதல் வெள்ளிக்குள் ஆளுக்கொரு நாளாகப் பிரித்து ‘ஆஃப்’ கொடுப்பார்கள். கடையும் இரவு ஒன்பது, ஒன்பதரை வரை திறந்திருக்கும். இந்த நிலையில் டேலி, ஜி.எஸ்.டி. கணக்கு, தட்டச்சு, ஆங்கிலப் பேச்சு என்று எதையாவது மாலையில் படிக்க நினைப்பவருக்கு முதலில் வருகிற சிக்கல் கட்டணம் அல்ல, கிழமை. வகுப்பு ஒரு கிழமையில் இருக்கும், ஆஃப் இன்னொரு கிழமையில் இருக்கும். ஆஃபை மாற்றித் தரும்படி கேட்பதுதான் வழி. அதை எப்படிக் கேட்டால் நடக்கும், நடந்த பிறகு எங்கே கோளாறு வரும் என்பதைத் தமிழ்நாட்டு ஜவுளிக்கடை ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.

கேட்பதற்கு முன் சட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, கடையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் முழுதாக ஒரு நாள் விடுமுறை தர வேண்டும். அந்த விடுமுறைக்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஆனால், அது எந்தக் கிழமை என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்தச் சட்டம் தொழிலாளிக்குத் தரவில்லை. ஆகவே ‘ஒரு நாள் வேண்டும்’ என்பது உரிமை, ‘வியாழக்கிழமை வேண்டும்’ என்பது கோரிக்கை. இரண்டையும் குழப்பிக்கொண்டு போய் நின்றால், நியாயமான கோரிக்கையும் தகராறாகிவிடும்.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் கதவைச் சாத்துகிற கடைகளில் எல்லாருக்கும் அன்றைக்கே விடுமுறை. அந்தக் கிழமையைக் கடைக்காரர் அறிவிப்பாக எழுதிக் கடையில் மாட்டி வைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் அதை மாற்றக் கூடாது என்கிறது சட்டம். அப்படிப்பட்ட கடையில் ஒருவருக்காக ஆஃபை நகர்த்த இடமே இல்லை. கடை மூடியிருக்கும் கிழமையில் நடக்கிற வகுப்பைத்தான் தேட வேண்டும். வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும் கடைகளின் கதை வேறு. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடைகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கலாம் என்று 2019இல் தமிழ்நாடு அரசு மூன்றாண்டுக்கு ஆணை பிறப்பித்தது. 2022இல் அது மேலும் நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும், அந்த விவரத்தைக் கடையில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்பவை அந்த ஆணையின் நிபந்தனைகள். கடைகளில் ‘ஆஃப் சார்ட்’ என்று சொல்லப்படும் தாள் இதுதான். கிழமை மாற்றம் நடப்பதானால் இந்தத் தாளில்தான் நடக்க வேண்டும்.

மதுரையில் ஒரு ஜவுளி ஷோரூம், அதன் பில்லிங் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஐந்து பெண்கள். சாதாரண நாளில் நான்கு கவுன்டர்கள் ஓட வேண்டும். சனியும் ஞாயிறும் ஐந்து கவுன்டர்களும் ஓட வேண்டும். ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒருவருக்கு ஆஃப். ஐந்து பேர், ஐந்து நாள், காலி இடம் கிடையாது. அவர்களில் செவ்வாய்க்கிழமை ஆஃப் உள்ள ஒரு பெண், கணினி மையம் ஒன்றில் கணக்குப் படிப்பில் சேர விரும்புகிறார். வேலைக்குப் போகிறவர்களுக்கென்று வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை மாலை ஆறரை முதல் எட்டரை வரை வகுப்பு. ஜூனில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் முடிகிறது.

வாரம் ஒரே வகுப்பு என்பது இங்கே முக்கியம். பெரும்பாலான மையங்களில் திங்கள்-புதன்-வெள்ளி ஒரு பேட்ச், செவ்வாய்-வியாழன்-சனி இன்னொரு பேட்ச் என்று ஒன்றுவிட்ட நாள் வகுப்புதான் நடக்கும். தட்டச்சுப் பள்ளியில் அநேகமாகத் தினமும் ஒரு மணி நேரம். ஆஃப் ஒரே ஒரு நாள்தான் என்பதால், மூன்று நாள் வகுப்பில் ஒன்றை மட்டுமே அதைக் கொண்டு சமாளிக்க முடியும். மீதி இரண்டு மாலைக்கும் முன்னேரமே விடுகிற ஷிப்ட் தேவைப்படும். அதையும் சேர்த்துக் கேட்டால் கோரிக்கை பெரிதாகிவிடும். தினசரி வகுப்புக்கு ஆஃபை மாற்றுவதால் பயனே இல்லை. கடை திறக்கும் முன் காலை ஏழு மணி பேட்ச் கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஆஃபை நகர்த்துவதற்கு முன் வகுப்பை நகர்த்த முடியுமா என்று மையத்தில் கேட்டுவிட வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

வியாழன் மாலை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் ஆஃபை மாற்ற வேண்டுமா, சீக்கிரம் போக ‘பெர்மிஷன்’ வாங்கினால் போதாதா என்று தோன்றலாம். ஒரு வாரத்துக்கென்றால் போதும். பதினேழு வாரத்துக்குப் போதாது. பெர்மிஷன் என்பது ஒவ்வொரு வியாழனும் புதிதாகக் கேட்க வேண்டியது. அன்றைக்குக் கூட்டம் இருந்தால், சூப்பர்வைசர் வேறு கவலையில் இருந்தால், வகுப்பு போய்விடும். கடையில் மிகக் கூட்டமான நேரமும் மாலை ஆறு முதல் ஒன்பதுதான். அந்த நேரத்தில் ஒரு கவுன்டரை விட்டு ஒருவர் எழுந்து போவதை மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சார்ட்டில் ஏறிவிட்ட ஆஃபை யாரும் வாராவாரம் கேட்கத் தேவையில்லை. அன்றைக்கு அவர் வரமாட்டார் என்பது கடைக்கே தெரியும்.

சார்ட்டில் காலி இடம் இல்லை என்பதால் இந்தப் பெண்ணுக்கு இருப்பது ஒரே வழி. வியாழன் ஆஃப் வைத்திருப்பவரோடு மாற்றிக்கொள்ள வேண்டும். இதைத் தானே பேசி முடித்துவிட்டுத்தான் சூப்பர்வைசரிடம் போக வேண்டும். கோரிக்கை பலிப்பதும் பலிக்காததும் பெரும்பாலும் இந்த வரிசையைப் பொறுத்தது. ‘எனக்கு வியாழக்கிழமை ஆஃப் வேணும்’ என்று வெறுங்கையோடு போனால், வியாழனில் கவுன்டருக்கு யார் என்ற கேள்வியைச் சூப்பர்வைசர் தலையில் ஏற்றியதாகிறது. அவர் சொல்லக்கூடிய மிக எளிய பதில் ‘முடியாது’ என்பதே. ஒருவருக்குக் கொடுத்தால் நால்வரும் வந்து நிற்பார்களே என்ற பயமும் அவருக்கு உண்டு. இருவர் ஒத்துப்போய் வந்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. யாருடைய நாளும் பறிபோகவில்லை, கவுன்டரில் ஆள் எண்ணிக்கையும் மாறவில்லை.

மாற்றிக்கொள்ள ஆள் கிடைப்பது அவரவர் கிழமைத் தேவையைப் பொறுத்தது. இந்தக் கடையில் வியாழன் ஆஃப் உள்ள மூத்த பெண், செவ்வாய்தோறும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். வேலைக்குக் கிளம்பும் முன் அதிகாலையில் அவசர அவசரமாகப் போய்வந்துகொண்டிருந்தவர். வேலைக்குச் சேர்ந்தபோது முன்பிருந்தவரின் வியாழன் அவருக்கு வந்தது, அவ்வளவுதான். அவரிடம் கேட்டால் ஒத்துக்கொள்வார் என்பதைக் கூடவே வேலை பார்ப்பவர்தான் அறிவார். மேனேஜருக்குத் தெரிய வாய்ப்பில்லை. “அக்கா, செவ்வாக்கெழம ஆஃப நீங்க எடுத்துக்கிறீங்களா? எனக்கு வியாழக்கெழம சாயங்காலம் கிளாஸ் இருக்கு. செப்டம்பர் வரைக்கும்” என்று நேராகக் கேட்டுவிடலாம். கடைசி மாதத்தைச் சொல்லிக் கேட்பது அவசியம். முடியும் நாள் தெரிந்தால் யாருக்கும் தயக்கம் குறையும்.

அடுத்தது சூப்பர்வைசர். அவரிடம் முதலில் வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு, பிறகு கடிதம் தருவதுதான் கடைகளில் எடுபடும். அவரைத் தாண்டி மேனேஜரிடம் கடிதம் போனால், விஷயம் சரியாக இருந்தாலும் அவர் மனம் சுருங்கும். சார்ட்டைத் தினமும் ஓட்டுகிறவர் அவர். “அண்ணே, நானும் அக்காவும் ஆஃப மாத்திக்கிறோம். வியாழன் அவுங்க கவுன்டர்ல இருப்பாங்க, செவ்வா நான் இருப்பேன். மேனேஜருக்கு லெட்டர் உங்க வழியாத் தாரேன்” என்றால் அவர் செய்ய வேண்டியது இரண்டு பெயரை இடம் மாற்றி எழுதுவது மட்டுமே. நேரமும் பார்க்க வேண்டும். அடுத்த மாதச் சார்ட் போடுவதற்கு முன் கேட்டால் பேனாவோடு வேலை முடிந்துவிடும். ஒட்டிய பிறகு கேட்டால் ஒட்டியதைக் கிழிக்கச் சொல்வதாகிவிடும். வகுப்புக் கட்டணத்தை இதற்கு முன்பே கட்டிவிடக் கூடாது. கட்டிய பணம் திரும்பி வருவது அரிது. கட்டிவிட்டுக் கேட்பவரின் பேச்சிலும் பதற்றம் கலந்துவிடும்.

கடிதம் அரைப் பக்கம் போதும். வகுப்பின் நேரம் குறித்த மையத்தின் தாளை அதோடு இணைக்க வேண்டும்.

“மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் பில்லிங் பிரிவில் பணிபுரிகிறேன். எனது வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. ஜூன் முதல் செப்டம்பர் முடிய வியாழன்தோறும் மாலை 6.30 முதல் 8.30 வரை கணக்குப் பயிற்சி வகுப்பில் சேர விரும்புகிறேன். அந்த மாதங்களுக்கு மட்டும் எனது விடுமுறையை வியாழக்கிழமைக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வியாழன் விடுமுறையில் உள்ள சக பணியாளர் செவ்வாய்க்கிழமையை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்துக் கீழே கையொப்பமிட்டுள்ளார். சனி, ஞாயிறு பணியில் மாற்றம் இல்லை. அக்டோபர் முதல் பழைய முறையே தொடரலாம்.”

இதில் வேண்டுகோளைவிட வேலை செய்வது மற்றவரின் கையொப்பமும் அந்த ‘மட்டும்’ என்ற சொல்லும்தான். குடும்பக் கஷ்டம், எதிர்காலக் கனவு எதுவும் தேவையில்லை. படிப்பால் கடைக்கு என்ன லாபம் என்று நீட்டி எழுதுவதும் வேண்டாம். கணக்குப் படித்தால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவாரோ என்ற எண்ணத்தை அதுவே கிளப்பிவிடக்கூடும். ஒப்புதல் கிடைத்ததும் மேனேஜர் கையெழுத்திட்ட நகல் ஒன்றை இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். ஜவுளிக்கடைகளில் சூப்பர்வைசர்கள் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள். வாயால் சொன்ன சரி, சொன்னவரோடு போய்விடும்.

மாற்றம் நடக்கும் முதல் வாரத்தைத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். இதைப் பெரும்பாலோர் யோசிப்பதில்லை, பிறகு திணறுகிறார்கள். முதல் வாரம் பழைய முறைப்படி அந்தப் பெண்ணுக்குச் செவ்வாய் ஆஃப். அடுத்த வாரம் புதிய முறைப்படி வியாழன். இடையில் புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று எட்டு நாள் தொடர்ந்து வேலை. வழக்கமான ஆறு நாளைவிட இரண்டு நாள் அதிகம். மாற்றிக்கொண்ட மூத்த பெண்ணுக்கோ வியாழனுக்குப் பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என நான்கே நாளில் செவ்வாய் ஆஃப் வந்துவிடும். கிழமை பின்னுக்குத் தள்ளிப் போகிறவருக்குத் தள்ளிய நாள் அத்தனையும் கூடுதலாகச் சேரும். முன்னுக்கு வருகிறவருக்கு அத்தனையும் குறையும். செவ்வாயிலிருந்து வெள்ளிக்குப் போனால் ஒன்பது நாள் ஆகியிருக்கும். வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு வந்தால் மூன்று நாள்தான்.

எட்டு நாள் தொடர் வேலையிலும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு ஆஃப் இருக்கிறது என்பதால் வாரக் கணக்கு சரியாகவே நிற்கும். ஆனால் உடம்பு வாரக் கணக்குப் பார்க்காது. தொழிற்சாலைகளுக்கான 1948ஆம் ஆண்டுச் சட்டம் வார விடுமுறையை மாற்றித் தரும்போது பத்து நாளுக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கும்படி ஆகக் கூடாது என்று எல்லை போட்டது இதை நினைத்துத்தான். கடையில் இந்த மாற்றத்தைத் தொடங்க வேண்டிய வாரம், முகூர்த்தக் கூட்டமோ தள்ளுபடி விற்பனையோ இல்லாத வாரமாக இருக்க வேண்டும். வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றிக்கொண்டால், அந்த எட்டு நாள் களைப்போடு முதல் வகுப்பில் போய் உட்கார வேண்டியிருக்காது.

சார்ட் மாறிய பிறகு வருகிற கோளாறு வேறு இடத்திலிருந்து வரும். கைரேகை வருகைப் பதிவு வைத்திருக்கும் கடைகளில், யாருக்கு எந்தக் கிழமை ஆஃப் என்பது கணினியிலும் பதிவாகியிருக்கும். சுவரில் ஒட்டிய தாளைச் சூப்பர்வைசர் மாற்றுவார். கணினியில் மாற்ற வேண்டியவர் அலுவலகத்தில் இருக்கும் வேறொருவர். அவருக்குச் சொல்லாமல் விட்டால், இந்தப் பெண் வராத வியாழன்கள் எல்லாம் ‘ஆப்சென்ட்’ என்று விழும். அவர் வந்து வேலை பார்த்த செவ்வாய்கள் ஆஃப் நாளாகவே இருக்கும். மாதக் கடைசியில் நான்கு நாள் சம்பளம் குறைந்து வரும்போதுதான் விஷயம் தெரியும். மாற்றிக்கொண்ட மற்றவருக்கும் இதே கதிதான். அவர் யாருக்கோ உதவப் போய்ச் சம்பளத்தை இழந்தவராகிவிடுவார். ஆகவே ஒப்புதல் கடிதத்தின் இன்னொரு நகல் சம்பளக் கணக்குப் பார்ப்பவரிடம் நேரே போக வேண்டும். முதல் மாதச் சம்பளச் சீட்டை இருவரும் நாள் நாளாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் நடுவில் ஆடி வருகிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஜவுளிக்கடைகளில் ஆடித் தள்ளுபடி. ஐப்பசியில் தீபாவளி. இந்தப் பருவங்களில் ‘ஆஃப் கட்’ என்று சொல்லி எல்லாருடைய விடுமுறையையும் நிறுத்திவைப்பது பல கடைகளில் வழக்கமாக இருக்கிறது. இது தவறான வழக்கம். வாரந்தோறும் ஒரு நாள் என்றுதான் சட்டம் சொல்கிறது. நாள் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் வேலை பார்ப்பவர்களின் ஒரே ஓய்வைக் கூட்டம் அதிகம் என்ற காரணத்துக்காகப் பறிப்பது, அதிகம் தேவைப்படும் நேரத்தில் பறிப்பதாகும். என்றாலும் நடைமுறை அப்படி இருக்கும்போது, படிக்கச் சேருகிறவர் இதையும் முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். ஆடியில் ஆஃப் நின்றுபோகிற வாரங்களில் வியாழனன்று காலை ஷிப்டில் வந்து மாலை ஆறுக்குக் கிளம்ப அனுமதி வேண்டும் என்று ஒப்புதல் வாங்கும்போதே கேட்டுவிட்டால், நான்கு வகுப்புகள் பிழைக்கும். பெர்மிஷன் முறைக்குச் சரியான இடம் இதுவே. செப்டம்பரோடு முடிகிற வகுப்பைத் தேர்ந்ததில் ஒரு வசதி உண்டு. தீபாவளிக் கூட்டம் உச்சத்துக்கு வருமுன் படிப்பு முடிந்துவிடுகிறது. ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் முடியும் பேட்சில் சேர்ந்திருந்தால், தேர்வுக்குத் தயாராக வேண்டிய கடைசி வாரங்கள் முழுவதும் கடையிலேயே போயிருக்கும்.

தேர்வு வியாழக்கிழமையில்தான் வரும் என்று சொல்ல முடியாது. அந்த ஒரு நாளுக்காகத் திரும்பவும் ஆஃபை மாற்றக் கேட்பது சரிவராது. கடைகள் சட்டம் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பையும் தருகிறது. அதில் ஒரு நாளைத் தேர்வுக்கென்று எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

கடை விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. சென்னை தியாகராய நகர் போன்ற இடங்களின் பெரிய கடைகளில் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் பலர் அப்படித் தங்கியிருக்கிறார்கள். ஆஃப் நாளில் வெளியே போய்வர விடுதியில் நேரக் கட்டுப்பாடு உண்டு. எட்டரைக்கு முடியும் வகுப்பிலிருந்து பேருந்து பிடித்து வந்து சேர ஒன்பதரை ஆகலாம். மேனேஜர் கையெழுத்திட்ட அதே கடிதத்தின் நகல் விடுதிக் காப்பாளரிடமும் இருந்தால், வாசலில் ஒவ்வொரு வாரமும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கோரிக்கை மறுக்கப்பட்டால், எந்த நாளில் எந்த நேரத்துக்கு ஆள் குறைகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பயன் தரும். பதில் குறிப்பாக வந்தால் வழி இருக்கிறது என்று பொருள். ‘வியாழன் சாயங்காலம் சரக்கு வருகிறது, அன்றைக்குப் பழகிய ஆள் வேண்டும்’ என்றால், வேறு கிழமை பேட்சுக்கு மையத்தில் கேட்கலாம், அல்லது வேறொருவரோடு மாற்றிக்கொள்ளலாம். ‘அதெல்லாம் இங்கே வழக்கமில்லை’ என்றால், ஒரு மாதத்துக்கு மட்டும் செய்து பார்க்கலாமா என்று கேட்டுப் பார்க்க வேண்டியதுதான். அதற்கும் மறுப்பு என்றால் அந்தக் கிழமையை வற்புறுத்திப் பெறச் சட்டத்தில் வழி கிடையாது. காலை பேட்சைத் தேடுவதே மிச்சம்.

வார விடுமுறையே தரப்படாத கடையில் நிலைமை வேறு. அங்கே கிழமையை மாற்றுவது பற்றிப் பேச்சே எழாது. அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்ப்பவர் அந்தப் பகுதியின் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். எந்த வாரங்களில் விடுமுறை கிடைக்கவில்லை என்று தேதியோடு குறித்து வைத்திருந்து அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.